பேரீச்சம்பழமா, மாத்திரையா, டிரிப்பா?

சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு வயது 41. நாலு மரம் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. மாதவிலக்கு எட்டு நாள் நீடிக்கும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட், கட்டி கட்டியாகவும் போகும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்துக் கிடந்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8, இரும்பின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6. இரண்டுமே ரொம்பக் குறைவு, அதாவது இரும்புச்சத்து இல்லாமல் வந்த ரத்தசோகை.

நான் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் வேலையில் இருப்பதால் என்னிடம் வந்தார். அவர் அம்மா பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் போதும் என்றாராம். ஈப்போவில் இருக்கும் மகள் இரும்பை டிரிப்பாக ஏற்றச் சொன்னாளாம்.

கணக்கைப் பார்ப்போம். 100 மில்லி ரத்தம் போனால் சுமார் 40 மில்லிகிராம் இரும்பு போகும். அது இல்லாமலே உடம்பு தினமும் 1 மில்லிகிராம் இழக்கிறது. சாப்பாட்டிலிருந்து உள்ளே போவதோ நாளுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம்தான். மாதாமாதம் துண்டு விழுந்தால் முதலில் கையிருப்பு கரையும், அதன் பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். அதனால்தான் பலருக்கு நோய் தெரிவதற்குள் பல மாதம் ஓடிவிடுகிறது. 55 கிலோ எடையுள்ள அக்காவுக்கு மொத்தப் பற்றாக்குறை ஏறக்குறைய 1,400 மில்லிகிராம். 100 கிராம் பேரீச்சம்பழத்தில் இருப்பதே சுமார் 1 மில்லிகிராம். கீரையும் ஈரலும் தட்டில் இருக்கட்டும், ஆனால் இந்தப் பள்ளத்தை அவை நிரப்பாது.

மாத்திரைதான் என் தேர்வு. 200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபியூமரேட்டில் இரும்பு 65 மில்லிகிராம். நாளுக்கு ஒன்று போதும், வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டு மூன்றாகப் போட்டால் சீக்கிரம் ஏறாது. ஒரு மாத்திரை போட்டதும் உடம்பு ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டி, அடுத்த மாத்திரைக்குக் கதவைப் பாதி சாத்திவிடுகிறது. மலம் கறுப்பது சகஜம், மலச்சிக்கலும் வரலாம்.

அக்காவின் தவறு வேறு. முன்பு ஒரு மாதம் போட்டும் ஏறவில்லை என்றார். எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். “காலையில தேத்தண்ணியோடதான்மா!” தேநீரும் பாலும் இரும்பை உறிஞ்ச விடாது. தண்ணீரில் போட்டு, தேத்தண்ணியை ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் சரி.

டிரிப் மோசமில்லை. மாத்திரை குமட்டினாலோ, ஒழுங்காகப் போட்டும் ஏறாவிட்டாலோ, ஆபரேஷன் நெருங்கினாலோ அதுதான் நல்லது. ஆனால் அதிலும் ரத்தம் ஊற வாரக்கணக்கில் ஆகும். அரிதாக ஒவ்வாமை வரலாம், நரம்புக்கு வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை தங்கிவிடும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ மூன்றையும் விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நாலு வாரத்தில் அக்காவின் ஹீமோகுளோபின் 9.9 ஆனது. ஸ்கேனில் கருப்பையில் நார்க்கட்டி தெரிந்தது. போக்கைக் குறைக்க விலக்கு நாட்களில் மட்டும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ரத்தக் கட்டு வந்த சரித்திரம் இருந்தால் அது ஆகாது, இவருக்கு இல்லை. ஹீமோகுளோபின் 12 தொட்ட பிறகும் கையிருப்பு நிரம்ப மூன்று மாதம் இரும்பு மாத்திரை தொடரும்.