நூறு தடவை கேட்டாலும் கடுப்பேறாத தே கடை மாமா: இங்க் பயன்படுத்திய அனுபவம்

ஒரு வருடத்துக்கும் மேலாக எங்கள் சின்ன விளையாட்டுக்கு ‘இங்க்’ என்ற இலவச ஸ்கிரிப்ட் மொழியைத்தான் பயன்படுத்துகிறோம். தேக்கா சந்தையில் தே தாரிக் கடை நடத்தும் விளையாட்டு. ஆடுபவர் ஆர்டர் எடுப்பார், கடைக்கார மாமா தே ஆற்றித் தருவார், தரும்போது ஒரு வரி பேசுவார். கிளைக்கதை எழுத இங்க் எவ்வளவு வசதி என்பது பலருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது மாமாவின் அந்த ஒரு வரியைப் பற்றி.

ஆர்டர் சுமார் 20 விநாடிக்கு ஒன்று வரும். அரை மணி நேரம் ஆடினால் 90 ஆர்டர். ஆறு வரி இருந்தால் ஒவ்வொன்றும் 15 தடவை காதில் விழும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கும் முறை என்றால், இப்போது கேட்டதே உடனே மறுபடி வர ஆறில் ஒரு வாய்ப்பு. இங்கின் ஷஃபிள் சீட்டுக்கட்டைக் கலைத்து ஒவ்வொன்றாக இறக்குவது மாதிரி: ஆறும் தீர்ந்த பிறகுதான் மறுபடி கலைக்கும். ஒரு சுற்றின் கடைசி வரியே அடுத்த சுற்றின் முதல் வரியாக வந்துவிடலாம். எப்போதாவது நடப்பதுதான், நாங்கள் அதை விட்டுவிட்டோம்.

ஆனால் எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் வரிசை இல்லை, வரிதான். எங்கள் ஆறில் ஒன்று: “ஒரு மடக்கு குடிச்சா மாமியார் பேச்சுகூடப் பாட்டா கேட்கும்!” தாளில் படித்தபோது எல்லாரும் சிரித்தார்கள். விளையாட்டில் மூன்றாம் தடவையே சிரிப்பு நின்றுவிட்டது. அப்புறம் சோதித்துப் பார்த்தவர்கள் மாமாவை முந்திக்கொண்டு தாங்களே அதைச் சொன்னார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒருவர் பேச்சொலியை மட்டும் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டார், இசை அப்படியே ஓடியது. இதைவிடத் தெளிவான புகார் கிடையாது. “இந்தாங்க”, “சூடா இருக்கு, பாத்து”, “ம்… ஆச்சு” இந்த மூன்றையும் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. கேட்டதாகக்கூட அவர்களுக்கு நினைவில்லை.

நகைச்சுவையின் பலமே அதன் எதிர்பாராத சொல்தான்; ‘மாமியார்’ மனதில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொண்ட சொல் திரும்ப வந்தால் உடனே பிடிபடும். அதனால் தினப்படி வரிகள் சப்பென்று இருக்கட்டும், நகைச்சுவை ஒரே தடவை வரட்டும் என்று பிரித்தோம்:

```
{ shuffle:
    - இந்தாங்க.
    - சூடா இருக்கு, பாத்து.
    - ம்… ஆச்சு.
}

{ shuffle once:
    - ஒரு மடக்கு குடிச்சா மாமியார் பேச்சுகூடப் பாட்டா கேட்கும்!
    - இன்னைக்கு நுரை என் தலைமுடியைவிட அதிகம்!
}
```

இரண்டும் தனித்தனி இடத்தில் இருக்கின்றன. கீழே உள்ளதைக் கடையில் கூட்டம் குறையும்போது மட்டும் கூப்பிடுகிறோம். எல்லாம் தீர்ந்துவிட்டால் `once` எதையும் தராது.

எழுதும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நம் ஊர் மாமா என்றால் ‘தம்பி’ என்று தொடங்கத் தோன்றும். “தம்பி, இந்தாப்பா”, “தம்பி, சூடு” என்று நான்கு வரி இருந்தால் காதுக்கு நான்கும் ஒன்றுதான். முதல் அசையைக் கேட்டதுமே ‘ஆரம்பிச்சுட்டார்’ என்று தோன்றிவிடும். கேள்வியும் ஆகாது. “என்ன தம்பி, தூங்கிட்டியா?” என்பதற்கு ஆடுபவரால் பதில் சொல்ல முடியாது, அது நச்சரிப்பாகத்தான் போய்ச் சேரும். 1998-இல் வந்த செல்டா விளையாட்டின் நாவி என்ற தேவதை “ஹே! லிசன்!” என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே கேலிக்கு ஆளானது.

அடுத்தது மௌனம். இது இங்கின் வேலை இல்லை, விளையாட்டின் நிரலில் செய்தோம்: ஒரு வரி பேசி 50 விநாடி ஆகும்வரை மாமா வாய் திறக்க மாட்டார். 20 விநாடிக்கு ஓர் ஆர்டர் என்பதால் மூன்றுக்கு ஒரு தடவைதான் பேசுகிறார். 90 தடவை என்பது 30 ஆனது. ஆறு வரியை அறுபதாக்கி ஒலிப்பதிவுக்குச் செலவழிப்பதைவிட இது மலிவு. நிகழ்தகவு வைத்துப் பேசவிடுவதும் உண்டுதான், ஆனால் அதில் சில நேரம் மூன்று வரி தொடர்ந்து வந்துவிடும். எனக்குக் கடிகாரமே பிடித்திருக்கிறது.

தகவல் சொல்லும் வரிகளுக்கு இந்த விதி எதுவும் கிடையாது. “தே ஓ கோசோங் ஒண்ணு!”, “பால் தீந்துபோச்சு!” இரண்டும் உடனே ஒலிக்க வேண்டும், எப்போதும் அதே பதிவாக. வித்தியாசமாகச் சொல்கிறோம் என்று ஆறு விதமாக மாற்றினால், ஆடுபவர் ஒவ்வொரு தடவையும் நின்று கவனிக்க வேண்டியிருக்கும்.

குறை என்றால் ஒன்று சொல்வேன். எந்த வரி வந்துவிட்டது என்ற கணக்கு கதையின் நிலைக்குள்தான் இருக்கிறது. விளையாட்டைச் சேமிக்கும்போது `story.state.ToJson()` தருவதையும் சேர்த்துச் சேமித்து, திறக்கும்போது திரும்ப ஏற்ற வேண்டும். அது விட்டுப்போனால், மறுநாள் விளையாட்டைத் திறப்பவருக்கு மாமியார் வசனம் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.