முதல் 45 விநாடி: முகம் தெரியாத கூட்டாளியை எப்படிக் கூப்பிடுவது?

ஐந்து பேர் ஓர் அணியாக ஆடும் வலோரன்ட் ஆன்லைன் கேமில் முதல் ரவுண்டுக்கு முன் ஆயுதம் வாங்க 45 விநாடி கிடைக்கும். பட்டர்வொர்த்தில் வேலை முடிந்து வந்து இரவில் தனியாக ஆட உட்காரும் எனக்கு, அந்த நேரத்தில் முதலில் கேட்கும் குரல்தான் முக்கியம். சிங்கப்பூர் சர்வரில் கூட வரும் நாலு பேரும் நாலு நாட்டுக்காரர்களாக இருப்பது சாதாரணம்.

பலர் 'ஹாய் கைஸ்' என்பார்கள். கெடுதல் இல்லை, மைக் வேலை செய்கிறது என்று தெரியும். ஆனால் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. திரும்பவும் அமைதிதான்.

'ஹலோ பாஸ்', 'ப்ரோ' நம் மாமாக் கடைப் பழக்கம். அதில் ஒட்டுதல் உண்டு. எதிரில் இருப்பது பெண்ணாக இருந்தால்தான் சிக்கல். 'ப்ரோ' என்றதும், பேச வாய் திறந்தவர் அப்புறம் மைக்கைத் தொடாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

என் தேர்வு மூன்றாவது: கேரக்டர் பெயரைச் சொல்லி, கூடவே ஒரு சின்னக் கேள்வி. போன வாரம் அசென்ட் மேப்பில் நான் ஓமன் எடுத்திருந்தேன். "ஹாய் ஜெட், நான் ஓமன். ஸ்மோக் எங்கே வேண்டும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "ஏ மெயின்" என்று பதில் வந்தது. அந்த ரவுண்டில் தோற்றோம். ஆனால் ஜெட் பேசத் தொடங்கிவிட்டார். அடுத்த ரவுண்டில் "கொஞ்சம் லேட்டாப் போடு" என்று அவர் சொன்னபோது அது உதவியாகத்தான் கேட்டது.

முந்தின இரவு யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது ரவுண்டில் என் காதுக்கு வந்த முதல் வார்த்தையே "ஏன் ஸ்மோக் போடல?" அதுவும் ஸ்மோக் பற்றிய பேச்சுதான், ஆனால் குற்றச்சாட்டாக விழுந்தது. உடனே இன்னொருவர், அப்படிக் கேட்டவரை மியூட் செய்தார். ஐந்தாவது ரவுண்டில், ஆட்டத்தை விட்டுக்கொடுக்கலாம் என்று `/ff` வந்துவிட்டது.

கேரக்டர் பெயரில் நம்மவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. தமிழில் ஒருவரைக் கூப்பிடும்போதே அண்ணனா தம்பியா, நீயா நீங்களா என்று முடிவு செய்தாக வேண்டும். குரலை மட்டும் வைத்து அதை எப்படிச் சொல்வது? 'ஜெட்' என்றால் அந்தக் கேள்வியே எழாது.

தமிழ்க் குரல் கேட்டதும் 'டேய் மச்சி' என்று பாய்வதைத்தான் நான் தவிர்க்கிறேன். ஜெயிக்கும்போது இனிக்கிற அதே 'டேய்', 3-9 என்று பின்தங்கும்போது திட்டாகக் கேட்கும். 'நீங்க' என்று தொடங்கி, அவர் 'டா' போட்டால் நானும் இறங்கிவிடுவேன். அப்போதும் எதிரி நிற்கும் இடத்தை மட்டும் ஆங்கிலத்தில்தான் சொல்வேன். இரண்டு பேர் தமிழிலேயே பேசிக்கொண்டால் மற்ற மூவருக்கும் "ரெண்டு பேர் பி-ல" என்பது போய்ச் சேராது. அவர்களும் பேசுவதை நிறுத்திவிடுவார்கள்.