நேரா எடுத்த ஐஸ் பேக்கா, வேர்க்க வச்ச ஐஸ் பேக்கா, வெறும் சில் தண்ணி பேக்கா?

புதன்கிழமை ஊசி நாள். காலைல சிஸ்டருங்க எல்லாம் தடுப்பூசி கேரியர் வாங்க வந்து நிப்பாங்க, பஸ்சுக்கு நேரமாச்சுன்னு ஒரே அவசரம். நம்ம மாதிரி சின்ன பிஎச்சில தப்பு நடக்கிறது பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்துலதான்.

டீப் ஃப்ரீசர்ல இருந்து கல்லு மாதிரி நாலு பேக்க எடுத்து அப்படியே கேரியர்ல சொருகறது ரொம்ப ஈசி, குளிரும் அதிக நேரம் நிக்கும். ஆனா அந்த பேக் மைனஸ் 15, 20ல இருக்கு, ஹெபடைடிஸ் பி மைனஸ் 0.5 பக்கத்துலயே உறைய ஆரம்பிச்சிரும், பென்டா, டிடி ஊசியும் அதே ஜாதிதான், ஒருதடவ உறைஞ்சா திரும்ப உருகினாலும் பிரயோஜனம் இல்ல. போலியோ சொட்டு மட்டும் போற கேரியர்னா இது ஓகே, அது உறைஞ்சாலும் கெடாது.

வேர்க்க வைக்கிறதுன்னா பேக்க டேபிள்ல இடைவெளி விட்டு பரப்பி வெளிய வைக்கணும். கடிகாரத்த பாக்காதீங்க, மே மாசம் சீக்கிரம் ஆகும், மழைக்காலத்துல இழுக்கும். காதுகிட்ட வச்சு ஆட்டினா உள்ள தண்ணி சலசலன்னு கேக்கணும், ஐஸ் நகரணும், அப்பதான் பேக்கோட மேல்பக்கம் 0 டிகிரிக்கு வந்திருக்குன்னு அர்த்தம். நாலு பேக்கையும் தனித்தனியா ஆட்டிப் பாக்கணும், ஒண்ணு கல்லா இருந்தாலும் அதுகிட்ட இருக்கிற வயால் காலி.

சில் தண்ணி பேக்ல உறையற பயமே இல்ல. ஆனா குளிர் சீக்கிரம் போயிரும், வெயில்ல தூர கிராமம்னா எம்.ஆர்ங்கிற தட்டம்மை ஊசியும் போலியோவும்தான் அடிவாங்கும். அதவிட, தடுப்பூசி வைக்கிற ஐ.எல்.ஆர் ஃப்ரிட்ஜ் ஒண்ணே ஒண்ணு இருக்கிற இடத்துல குழாத் தண்ணி பேக்க அதுக்குள்ள அடுக்கினா உள்ள இருக்கிற ஸ்டாக்கே சூடாயிரும்.

என் ஓட்டு நடுவுல உள்ளதுக்குத்தான். காரணம் ஒண்ணுதான்: சூடு பட்டா வயால் மேல இருக்கிற வி.வி.எம் அடையாளத்தோட சதுரம் கருத்து காட்டிக்குடுத்துரும், உறைஞ்சத அது காட்டவே காட்டாது.

நான் முன்ன இருந்த ஒரு சென்டர்ல சாயங்காலம் திரும்பி வந்த கேரியர்ல ஒரு பென்டா வயால் பேக்கோட ஒட்டிட்டு இருந்துச்சு, வி.வி.எம் பளிச்சுன்னு நல்லா இருக்கு. அத தனியா எடுத்து வச்சுட்டு, ஒத்துப் பாக்கறதுக்காக அதே கம்பெனி அதே பேட்ச் வயால் இன்னொண்ண ராத்திரி முழுக்க ஃப்ரீசர்ல கல்லாக்கி, காலைல உருக வச்சு, ரெண்டையும் ஒரே கைல பிடிச்சு நல்லா குலுக்கி டேபிள்ல வச்சோம். அரை மணி நேரத்துக்குள்ள ரெண்டுலயும் அடில வண்டல், மேல தெளிஞ்ச தண்ணி. நல்ல வயால்னா பால் மாதிரி கலங்கலாவே நின்னிருக்கும். அன்னைக்கு அந்த கேரியர்ல திரும்பி வந்த பென்டா, டிடி மொத்தத்தையும் ஒதுக்கி வச்சுட்டு ரெஜிஸ்டர்ல எழுதி மெடிக்கல் ஆபீசர்கிட்ட கையெழுத்து வாங்கினேன். அதே கேரியர்ல இருந்து காலைல போட்டாச்சே குழந்தைங்களுக்கு, அந்த லிஸ்ட்டதான் அடுத்து எடுத்தோம்.