20-க்கு 20, 25-க்கு 21: வால்டா, அக்ரெஸ்டி–காஃபோவா, நியூகோமா?

ஒரு பள்ளியில் தேர்வு எழுதிய 20 பேரும் தேர்ச்சி. இன்னொரு பள்ளியில் 25 பேரில் 21 பேர். அதாவது 100 சதவீதத்துக்கு எதிராக 84 சதவீதம், வித்தியாசம் 16 புள்ளி. இந்த 16-க்கு 95% நம்பிக்கை இடைவெளி போடச் சொன்னால், எந்த முறையைக் கையில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவே மாறிவிடுகிறது.

பாடப்புத்தகத்தில் முதலில் வருவது வால்ட் முறை. ஒவ்வொரு பள்ளிக்கும் p(1−p)/n கணக்கிட்டு, இரண்டையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் திட்டப்பிழை. அதை 1.96-ஆல் பெருக்கி வித்தியாசத்தின் இருபுறமும் வைக்கிறோம். நம் கணக்கில் திட்டப்பிழை 0.0733, இடைவெளி 1.6 முதல் 30.4 புள்ளி வரை. பூஜ்யம் உள்ளே இல்லை. முதல் பள்ளிதான் மேல் என்று தீர்ப்பு எழுதிவிடலாம் போலிருக்கிறது.

அந்தத் திட்டப்பிழை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் சங்கதி தெரியும். முதல் பள்ளியில் p = 1, ஆகவே p(1−p) பூஜ்யம். 20 பேர் மட்டுமே எழுதிய ஒரு பள்ளியின் தேர்ச்சி விகிதத்தில் ஊசலாட்டமே கிடையாது என்று வால்ட் நினைத்துக்கொள்கிறது. இரண்டாவது பள்ளியிலும் 25 பேரும் தேறியிருந்தால் இன்னும் வேடிக்கை: இடைவெளி பூஜ்யத்தில் தொடங்கி பூஜ்யத்திலேயே முடியும். 45 பேரை வைத்து இரண்டு பள்ளியும் துல்லியமாகச் சமம் என்று யாரால் சொல்ல முடியும்?

2000-ல் அக்ரெஸ்டியும் காஃபோவும் சொன்ன வைத்தியம் மிக எளிது. ஒவ்வொரு பள்ளியிலும் தேறியவர் ஒருவர், தவறியவர் ஒருவர் எனக் கற்பனையாகச் சேர்த்துக்கொண்டு, பிறகு அதே வால்ட் சூத்திரத்தைப் போடு. 20/20 என்பது 21/22 ஆகிறது, 21/25 என்பது 22/27 ஆகிறது. கிடைப்பது −3.1 முதல் 31.0 வரை. பூஜ்யம் உள்ளே வந்துவிட்டது. காகிதத்தில் இரண்டு நிமிட வேலை என்பதால் வகுப்பில் சொல்லித்தர இதைவிட நல்ல முறை இல்லை என்பேன். குறை என்னவென்றால், இடைவெளியின் மையம் 16-லிருந்து 14-க்கு நகர்ந்துவிடுகிறது. ஓரத்து எண்ணிக்கைகளில் சில சமயம் எல்லை 100 புள்ளியைத் தாண்டியும் போகும்.

நியூகோம் 1998-ல் அலசிய முறை வேறு வழியில் போகிறது. முதலில் ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியே வில்சன் இடைவெளி: முதல் பள்ளிக்கு 83.9 முதல் 100, இரண்டாவதற்கு 65.3 முதல் 93.6. வித்தியாசத்தின் கீழ் எல்லை வேண்டுமென்றால், முதல் பள்ளி எவ்வளவு இறங்கலாம் (16.1), இரண்டாவது எவ்வளவு ஏறலாம் (9.6) என்று பார்க்கிறோம். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 18.8. ஆகவே 16 − 18.8 = −2.8. மேல் எல்லைக்கு முதல் பள்ளி ஏற இடமே இல்லை, இரண்டாவது 18.7 இறங்கலாம், 16 + 18.7 = 34.7. இருபுறமும் நீளம் சமமில்லை, அதுதான் இதன் அழகு. எண்ணிக்கை என்னவாக இருந்தாலும் 100-ஐத் தாண்டாது.

வால்ட் ஒரு பக்கம், மற்ற இரண்டும் மறுபக்கம். யாரை நம்புவது? சூத்திரமே இல்லாமல் எண்ணிப் பார்க்கலாம். 45 பேரில் நால்வர் தவறியிருக்கிறார்கள். பள்ளிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்றால், நால்வரும் இரண்டாவது பள்ளியிலேயே விழும் வாய்ப்பு 12650/148995, அதாவது சுமார் 8.5%. அவ்வளவு அபூர்வமில்லை. வால்ட் அவசரப்பட்டிருக்கிறது.

பைதானில் மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம் (கடைசிப் பெயரில் e இல்லை, கவனம்):

```
from statsmodels.stats.proportion import confint_proportions_2indep as ci
for m in ["wald", "agresti-caffo", "newcomb"]:
    print(m, ci(20, 20, 21, 25, method=m, compare="diff"))
```

என் தேர்வு நியூகோம். கணினி இருக்கும்போது கூடுதல் உழைப்பு எதுவும் இல்லை. இரண்டு பள்ளியிலும் தேறியவரும் தவறியவரும் பத்துப் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தால் மூன்றும் பெரும்பாலும் நெருங்கிவிடும். அங்கே வால்ட் போட்டாலும் சண்டைக்கு வரமாட்டேன்.

R-இன் `prop.test` பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. அது கொடுப்பதும் வால்ட்தான், ஆனால் கேட்காமலேயே தொடர்ச்சித் திருத்தம் ஒன்றைச் சேர்த்து இருபுறமும் 4.5 புள்ளி அகலப்படுத்துகிறது. அதனால் இங்கே −2.9 முதல் 34.9 என்று, நியூகோமுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். `correct = FALSE` போட்டவுடன் 1.6 திரும்பி வரும். ஒரே தரவுக்கு இருவர் வேறு வேறு முடிவு சொன்னால், முதலில் இந்த ஒரு சொல்லை யார் எழுதினார்கள் என்று பாருங்கள்.