சீல் பிரிக்காத பாட்டிலைக் காட்டி "நான் மூணு மாசமா யூஸ் பண்றேன்"! என் 18,500 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரிதான் வீடியோ வந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

வீட்டில் தலைக்கு எண்ணெய் காய்ச்சி விற்கிறேன். வாடிக்கையாளரே பேசுவது போன்ற விளம்பர வீடியோ மூன்று வேண்டும் என்று, ஃப்ரீலான்சர்கள் கிடைக்கும் ஒரு தளத்தில் 18,500 ரூபாய் கட்டினேன். நம்பியதற்குக் காரணம் அந்தப் பையன் முதல் நாள் சொன்னதுதான். "அக்கா, நாங்க கற்பனையா எழுத மாட்டோம். உங்க கஸ்டமர் நம்பர் குடுங்க, அவங்ககிட்ட பேசிட்டுதான் ஸ்கிரிப்ட்." அதைக் கேட்டதும் மனசு குளிர்ந்துவிட்டது. ஆறு பேரிடம் அனுமதி கேட்டு நம்பர் கொடுத்தேன், அவர்கள் அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜ்களையும் அனுப்பினேன்.

ஒருவருக்குக்கூட போன் போகவில்லை.

வந்த வீடியோவில் யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டே, "நான் மூணு மாசமா யூஸ் பண்றேன், பதினஞ்சே நாள்ல வழுக்கையில முடி முளைச்சிடுச்சு!" என்கிறாள். கையில் இருக்கும் பாட்டிலின் சீல்கூடப் பிரிக்கவில்லை. மூன்று வீடியோவிலும் ஆள்தான் வேறு, வசனம் ஒன்றே.

நான் அனுப்பியதில் ஒரு அக்கா என்ன சொல்லியிருந்தார் தெரியுமா? "முதல் வாரம் வெந்தய வாசனை பிடிக்கவே இல்ல, நிறுத்திடலாம்னு பார்த்தேன். இப்ப மூணு மாசம் ஆச்சு, சீப்புல வர்ற முடி கொஞ்சம் கம்மியா இருக்கு. நெத்தியில புதுசா எதுவும் வரல." இதுதானே ஸ்கிரிப்ட்! பிடிக்காததை முதலில் சொல்கிறார், எத்தனை நாள் என்று சொல்கிறார், வராததையும் ஒளிக்கவில்லை. அதனால்தான் "சீப்புல கம்மி" என்பதை நம்பத் தோன்றுகிறது. இவருக்கு வசனம் எழுதவே வேண்டாம். "முதல்ல என்ன பிடிக்கல? எப்ப வித்தியாசம் தெரிஞ்சுது?" என்று இரண்டு கேள்வி கேட்டு, அவர் வார்த்தையிலேயே நீளத்தை மட்டும் குறைத்திருந்தால் போதும்.

கேட்டதற்கு, "அக்கா, அப்படிச் சொன்னா யாரும் வாங்க மாட்டாங்க, மார்க்கெட்ல இதுதான் ஓடுது" என்றான். மாற்றித் தரச் சொன்னேன். "ரிவிஷன் வேணும்னா தனி சார்ஜ்." அப்புறம் ப்ளூ டிக் மட்டும்தான். தளத்தில் புகார் செய்தால், டெலிவரி ஆன ஆர்டருக்குப் பணம் திரும்பாதாம். 18,500 ரூபாய்! எத்தனை பாட்டில் விற்றால் அது வரும்!

இதை நான் போட்டிருந்தால் மாட்டுவது நான்தான். பரிந்துரை என்பது சொல்பவரின் உண்மையான கருத்தாக, பொருளைப் பற்றிய போதிய தகவலிலிருந்தோ பயன்படுத்திய அனுபவத்திலிருந்தோ வர வேண்டும் என்று 2022 மத்திய அரசு விதிமுறையே இருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம், தயாரிப்பாளருக்கும் உண்டு.

எப்படி எழுத வைப்பது என்று விரிவாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாக: ஸ்கிரிப்டைப் படித்து ஒப்புக்கொள்ளாமல் ஷூட்டிங்குக்கு விடாதீர்கள். ஒவ்வொரு வரியும் எந்த வாடிக்கையாளர் சொன்னது என்று கேளுங்கள். நடிகர் பேசினால் நடிகர் என்று திரையில் போடச் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள், நான் கட்டினேன், 18,500.