தொலைந்த பெட்டிக்குக் கிலோ கணக்கில் பணம் தருகிறோம் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்

வெளிநாட்டுப் பயணத்தில் செக்-இன் செய்த பெட்டி தொலைந்துபோய், விமான நிறுவனம் "கிலோவுக்கு இவ்வளவு" என்று ஒரு தொகையைச் சொல்லி ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்டால், தயவுசெய்து போடாதீர்கள். என்னிடமும் கேட்டார்கள். நான் மறுத்ததால் கடைசியில் கிடைத்தது அவர்கள் முதலில் சொன்னதைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நடுவில் தொகையைக் குறைக்க அவர்கள் என்னென்ன செய்தார்கள் என்பது இதே நிலையில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும்.

முதலில் சட்டம். 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கிடையே நடக்கும் பயணத்தில், செக்-இன் லக்கேஜ் தொலைந்தாலும் சேதமானாலும் தாமதமானாலும் ஒரு பயணிக்கு ஓர் உச்சவரம்பு வரை நிறுவனம் பொறுப்பு. 2024 டிசம்பர் 28 முதல் அந்த வரம்பு 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு இது, அன்றைய மாற்று விகிதத்தில் உங்கள் பணத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.) பெட்டியின் எடைக்கும் இந்த வரம்புக்கும் சம்பந்தமே இல்லை. கிலோவுக்கு 17 எஸ்.டி.ஆர் என்பது பழைய வார்சா உடன்படிக்கை வழிவந்த கணக்கு. என் பெட்டி 18 கிலோ. அதைப் பெருக்கி 306 என்று எழுதி, "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற வரிக்குக் கீழே கையெழுத்து கேட்டார்கள். என் பயணத்துக்கு மாண்ட்ரியல்தான் பொருந்தும் என்பது என் டிக்கெட்டின் பயண நிபந்தனைகளிலேயே இருந்தது. அந்தப் பக்கத்தை இணைத்து, "எடைக் கணக்கை ஏற்கவில்லை, பொருள் வாரியாகக் கேட்கிறேன்" என்று இரண்டு வரியில் பதில் அனுப்பினேன். அதற்குப் பிறகு கிலோ என்ற பேச்சே வரவில்லை.

ஆனால் 1,519 என்பது தானாகக் கைக்கு வரும் தொகை அல்ல. அது மேல் எல்லை மட்டும்தான். ஐரோப்பிய நீதிமன்றம் 2020-இல் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: பெட்டியில் என்ன இருந்தது, அதன் மதிப்பு என்ன என்பதைக் காட்ட வேண்டியவர் பயணி. அதனால் மிச்சச் சண்டை முழுவதும் பட்டியலில்தான்.

அவர்கள் அனுப்பிய படிவத்தில் மூன்றே கட்டங்கள்: பொருள், எண்ணிக்கை, மதிப்பு. இந்த வடிவமே நமக்கு எதிரானது. "ஆடைகள், 12, 340" என்று நிரப்பினால், எதற்கும் சான்று இல்லை என்று ஒட்டுமொத்தமாகப் பாதியைக் குறைக்க வசதியாகிவிடும். நான் படிவத்தில் "இணைப்பைப் பார்க்கவும்" என்று எழுதிவிட்டு, தனியாக ஒரு அட்டவணை தயாரித்தேன். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு சான்று எண். ஒரு வரி இப்படி இருந்தது: "கருநீலக் கம்பளிக் கோட்டு, ஆண்கள் அளவு எல், பிராண்ட் பெயர், உள்பாக்கெட்டில் தைத்த கிழிசல், முந்தைய குளிர்காலத்தில் வாங்கியது, விலை 180, சான்று 4." சான்று 4 என்பது கார்டு கணக்கறிக்கையில் அந்த ஒரு வரியும், அந்தக் கோட்டை நான் போட்டிருக்கும் தேதியுள்ள புகைப்படமும். (எல்லாத் தொகையையும் எஸ்.டி.ஆரிலேயே சொல்கிறேன்.)

கிழிசலை எதற்கு எழுத வேண்டும் என்று தோன்றலாம். டேக் அறுந்துபோன பெட்டிகளைத் திறந்து, உள்ளே இருப்பதை நம் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் யாருடையது என்று கண்டுபிடிக்கிறார்கள். "நீலக் கோட்டு" ஆயிரம் பெட்டியில் இருக்கும். அதனால் தெளிவாக எழுதிய வரி பெட்டியைத் தேடவும் உதவும், பிறகு பணம் கேட்கவும் உதவும்.

பில் எல்லாவற்றுக்கும் யாரிடம் இருக்கிறது? என்னிடமும் பாதிக்குத்தான் இருந்தது. மீதிக்கு இணையக் கடைகளின் ஆர்டர் மின்னஞ்சல், கார்டு கணக்கறிக்கை, உத்தரவாத அட்டை, காலணிப் பெட்டியின் லேபிள் என்று தேடி எடுத்தேன். ஒரு கடையில் கேட்டதும் பழைய பில்லின் நகலையே அச்சிட்டுக் கொடுத்தார்கள். எந்தச் சான்றும் கிடைக்காத பொருள்களை மறைக்கவில்லை. "சான்று இல்லை, மதிப்பீடு" என்றே எழுதி, குறைவான தொகை போட்டேன். அந்த வரிகளில்தான் அவர்கள் அதிகம் கேள்வி கேட்பார்கள் என்று நினைத்தேன், ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம், பெட்டியையே பட்டியலில் சேர்க்கப் பலரும் மறந்துவிடுகிறார்கள். என்னுடையது 110.

இன்னொன்றையும் அவர்கள் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள்: எடை. செக்-இன்னில் பதிவான எடை அவர்களிடம் இருக்கிறது. 18 கிலோ பெட்டிக்கு 30 கிலோ சாமான் எழுதினால் முழுப் பட்டியலுமே சந்தேகத்துக்கு உள்ளாகும். அதேபோல, விமான நிலையத்திலேயே எழுதும் பி.ஐ.ஆர். புகாரில் சொன்ன பொருள்கள் இந்தப் பட்டியலிலும் இருக்க வேண்டும். என் கேமரா லென்ஸ் அதில் இருந்தது, நல்லவேளை.

நல்லவேளை என்று சொல்லக் காரணம், 260 மதிப்புள்ள அந்த லென்ஸை அவர்கள் ஒரே கோடாக அடித்துவிட்டார்கள். "செக்-இன் பெட்டியில் வைத்த மின்னணுப் பொருள்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று நிபந்தனையைக் காட்டினார்கள். உடன்படிக்கையின் 26-ஆவது பிரிவு, பொறுப்பிலிருந்து தப்பிக்கவோ வரம்பைக் குறைக்கவோ எழுதப்பட்ட நிபந்தனை செல்லாது என்கிறது. பிரிவைக் குறிப்பிட்டு, பில்லையும் வரிசை எண்ணையும் மறுபடி அனுப்பினேன். முழுத் தொகையும் சேர்த்தார்கள். இதை வைத்து விலை உயர்ந்ததைப் பெட்டியில் போடலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பயணியின் கவனக்குறைவும் காரணம் என்று நிரூபித்தால் அந்த அளவுக்குக் குறைக்க 20-ஆவது பிரிவு இடம் தருகிறது.

தேய்மானத்தில் எனக்கு முழு வெற்றி இல்லை. பயன்படுத்திய பொருளுக்குப் புதிய விலை கிடைக்காது என்பது நியாயம்தான். ஆனால் எத்தனை சதவீதம் என்று உடன்படிக்கை சொல்லவில்லை. அவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வெட்டு வெட்டியிருந்தார்கள், சில வாரங்களுக்கு முன் வாங்கிய சட்டைக்கும்கூட. எந்தக் கணக்கில் என்று பொருள் வாரியாக எழுதித் தரக் கேட்டேன். தரவில்லை, ஆனால் தொகையை உயர்த்தினார்கள். கோட்டுக்கு 140, பெட்டிக்கு 80, துணிகளுக்கு 240 என்று வந்து, லென்ஸும் மற்றவையும் சேர்த்து, நான் கேட்ட 1,140-க்கு 905-இல் முடிந்தது.

பெட்டி தாமதமான நாட்களில் வாங்கிய மாற்றுத் துணி, பற்பசை போன்றவற்றை இந்தப் பட்டியலோடு கலக்காதீர்கள். அதற்குத் தனித் தாள், ரசீதுகளுடன். இரண்டும் ஒரே உச்சவரம்புக்குள்தான் வரும். பெட்டி தாமதமாக வந்து சேர்ந்தால், கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாள் கடந்தும் வராவிட்டால் தொலைந்ததாகக் கொண்டு நீங்கள் கேட்கலாம். "இன்னும் தேடுகிறோம்" என்பது அதற்குத் தடையில்லை. வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. உள்நாட்டு விமானப் பயணத்துக்கு அந்தந்த நாட்டு விதிதான், நான் சொன்ன வரம்பு அங்கே பொருந்தாமல் போகலாம்.

இப்போது பெட்டிக்காகக் காத்திருப்பவர்கள், டேக் துண்டையும் போர்டிங் பாஸையும் இன்றே படம் எடுத்து வையுங்கள். அசல் தாள்களை யார் கேட்டாலும் நகல் மட்டும் அனுப்புங்கள்.