வாடகை வீட்டில் மூன்று வருடம் கார் சார்ஜர்: காலி செய்யும்போது எது யாருக்கு?

மடிப்பாக்கத்தில் வாடகைக்கு இருந்த ஃப்ளாட்டில் 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் மாட்டி மூன்று வருடம் ஓட்டிவிட்டு, போன மாதம் காலி செய்தேன். சார்ஜர் எப்படி வேலை செய்தது என்பதில் சொல்ல ஒன்றுமில்லை, ராத்திரி செருகினால் காலையில் ஃபுல், அவ்வளவுதான். தலைவலி எல்லாம் மாட்டும்போதும் கழற்றும்போதும்தான்.

பெட்டி காரோடு வந்தது, அதனால் அது என்னுடையது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை என்று நினைத்தேன். ஆனால் சார்ஜர் என்பது பெட்டி மட்டும் இல்லையே. மீட்டர் போர்டிலிருந்து பார்க்கிங்குக்கு 27 மீட்டர். கார் கம்பெனி ஒயர் இழுத்துத் தருவதில் 15 மீட்டர் வரைதான் இலவசம், மீதி 12 மீட்டருக்கு 6 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயரும் பைப்பும் சேர்த்து 5,400 ரூபாய் கொடுத்தேன். மாட்டி முடித்து ஆன் செய்தால் சிவப்பு விளக்கு. எலக்ட்ரீஷியன் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்த்தார், 9 வோல்ட் காட்டியது. ஃப்ளாட்டின் பொது எர்த் காய்ந்து கிடந்திருக்கிறது. ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் இதைக் கண்டுகொள்ளாது, சார்ஜர் எர்த்தைச் சோதித்துவிட்டு மறுத்துவிடும். தனி எர்த் குழிக்கு இன்னொரு 5,500.

மூன்று ஃபேஸ் இருந்தாலும் அனுமதிக்கப்பட்ட லோடு 5 கிலோவாட்தான், அதைக் கூட்ட வேண்டும். இந்த இடத்தில்தான் ஓனரிடம் கறாராகப் பேசினேன். லோடு கூட்டக் கட்டும் டெபாசிட்டும் கட்டணமும் அவர் பெயரில் இருக்கும் சர்வீஸ் நம்பரில் போய் உட்காரும், நான் காலி செய்யும்போது அதைப் பிடுங்கிக்கொண்டு போக முடியாது. அதனால் அது உங்கள் செலவு சார் என்றேன். கொஞ்சம் முனகிவிட்டு ஒத்துக்கொண்டார். ஒரு வெள்ளைத் தாளில் "சார்ஜர் பெட்டி குடியிருப்பவருடையது, காலி செய்யும்போது எடுத்துக்கொள்ளலாம், சுவரைச் சரிசெய்து தர வேண்டும்" என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். ஒயரையும் எர்த்தையும் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை, அது என் முட்டாள்தனம்.

அடுத்த தப்பு இன்னும் மோசம். 11 மாத அக்ரிமெண்டை ஒவ்வொரு முறையும் பழைய ஃபைலை வைத்தே புதுசாக அடித்தோம், அதில் சார்ஜர் என்ற பேச்சே இல்லை. காலி செய்கிறேன் என்று சொன்னதும் ஓனர் சொன்னது: "சுவத்துல அடிச்சது வீட்டோட சேர்ந்தது தம்பி, ஏ.சி. மாதிரி கழட்டிட்டுப் போக முடியாது." ஏ.சி.யும் சுவரில் அடித்ததுதானே, அதை எல்லோரும் கழற்றி எடுத்துப் போவதில்லையா?

நல்லவேளை அந்த வெள்ளைத் தாள் இருந்தது. அது இல்லாவிட்டாலும் 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரைக்கும், குடியிருப்பவர் தான் பொருத்தியதை எடுத்துக்கொள்ளலாம், இடத்தைப் பழைய நிலையில் விட வேண்டும். ஆனால் வீடு தன் கையில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், அப்புறம் முடியாது என்றும் அதிலேயே இருக்கிறது. சாவியைக் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறேன் என்று சொல்வது இங்கேதான் மாட்டிக்கொள்ளும். நான் சாவி கொடுப்பதற்கு நான்கு நாள் முன்பே கழற்றிவிட்டேன்.

ஒயரையும் எர்த்தையும் பிடுங்கினால் எனக்கு லாபமில்லை. புது வீட்டில் தூரம் வேறு, எர்த் குழியைச் சுமந்துகொண்டா போவது? அவருக்கோ அடுத்து வருபவர் எலக்ட்ரிக் வண்டியோடு வந்தால் எல்லாம் தயாராக இருக்கும். 10,900 செலவில் பாதி கேட்டேன், 5,000 என்று முடிந்தது, அட்வான்ஸோடு சேர்த்துக் கொடுத்தார். சுவரில் நான்கு ஓட்டை, பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தது என் செலவு.

கழற்றிய இடத்தில் ஓனர் சாதாரண 16 ஆம்பியர் சாக்கெட் போடச் சொன்னார். போடலாம், ஆனால் மேலே போர்டில் இருந்த 40 ஆம்பியர் எம்சிபியை அப்படியே விட்டால் சாக்கெட் உருகினாலும் அது டிரிப் ஆகாது. 16 ஆம்பியராக மாற்றிவிட்டுத்தான் வந்தேன், அந்தக் காசை அவரே கொடுத்தார்.

புது வீட்டில் ஒற்றை ஃபேஸ். அந்த இணைப்பில் 7.2 கிலோவாட் அளவுக்கு லோடு கிடைக்காது, சண்டை போட்டு வாங்கி வந்த பெட்டி இப்போது பரணில் இருக்கிறது. 16 ஆம்பியர் சாக்கெட்டில் போர்ட்டபிள் சார்ஜரைச் செருகுகிறேன், ஃபுல் ஆக ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.